பார்கோடு படிக்கவில்லையா? பீப் வராததிலிருந்து தப்பான விலை வருவது வரை

தர்மபுரி, காரிமங்கலம், பாலக்கோடு, கிருஷ்ணகிரி பக்கம் பில்லிங் மெஷின் வைத்திருக்கிற கடைகளிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே வார்த்தையில்தான் தொடங்கும்: "அண்ணா, ஸ்கேனர் போச்சு." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கும். ஸ்கேனர் மாற்றச் சொல்வதற்கு முன்னால் கடைக்காரரே பார்த்துக்கொள்ளக்கூடியதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கடையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு சோதனை, எல்லாவற்றுக்கும் பொது. பில்லிங் சாப்ட்வேரைச் சுருக்கி வைத்துவிட்டு நோட்பேட் திறந்து, அதில் கர்சரை வைத்து ஏதாவது ஒரு பொருளை ஸ்கேன் செய்யுங்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனர் என்பது வேகமாக டைப் செய்கிற ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். பாக்கெட்டின் கீழே அச்சாகியிருக்கிற அதே எண் நோட்பேடில் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போனால் ஸ்கேனரில் குறை இல்லை, சாப்ட்வேர் பக்கம் தேடுங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் ஸ்கேனர் அல்லது அச்சு.

## எந்தப் பொருளைக் காட்டினாலும் பீப் வரவில்லை

வெளிச்சமே இல்லை. யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கி சிபியூவின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்பக்கத் துளையும், நாலு பேர் பங்கு போடுகிற யூஎஸ்பி ஹப்பும் பல இடங்களில் போதுமான கரண்ட் தருவதில்லை. அப்படியும் வெளிச்சம் வரவில்லை என்றால், ஸ்கேனர் கைப்பிடிக்குள் ஒயர் நுழைகிற இடத்தை விரலால் லேசாக அப்படியும் இப்படியும் வளைத்துப் பாருங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் ஒயர்தான் உள்ளே அறுந்திருக்கிறது. நாள் முழுக்க இழுத்து மடக்குகிற இடம் அது. பல மாடல்களில் ஒயர் தனியாகக் கழலும், கைப்பிடி அடியில் சின்ன துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் வந்துவிடும், புது ஒயர் மட்டும் வாங்கினால் போதும்.

வெளிச்சம் இருக்கிறது, பீப் இல்லை. முன்னால் இருக்கிற கண்ணாடியைப் பாருங்கள். மளிகைக் கடை ஸ்கேனரில் மாவும் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலம் படிந்திருக்கும், வெளிச்சம் வெளியே போகும், திரும்பி வருவது மங்கிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும். அடுத்தது வெயில். வாசலைப் பார்த்த கல்லாவில் சாயங்கால வெயில் நேராக பொருள் மேல் விழுகிற நேரத்தில் மட்டும் படிக்காமல் போனால் ஸ்கேனரைத் தொட வேண்டாம், கல்லாவைத் திருப்புங்கள் அல்லது ஒரு திரை போடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மௌனம் என்றால், ஸ்கேனரோடு வந்த சின்னப் புத்தகத்தில் "பேக்டரி டீபால்ட்" என்று ஒரு பார்கோடு இருக்கும், அதைப் படிக்க வையுங்கள். யாரோ அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது தெரியாமல் ஏதோ ஒரு செட்டிங் பார்கோடு மேல் ஸ்கேனர் பட்டு, பாக்கெட்டுகளில் இருக்கிற இஏஎன் வகைப் பார்கோடைப் படிப்பதே அணைந்துபோன கடைகள் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் ஆளைக் கூப்பிடலாம். ஆனால் கண்ணாடியில் ஆழமான கீறலோ, கீழே விழுந்ததில் உள்ளே கடகடவென்று சத்தமோ இருந்தால் சாதாரண கைப்பிடி ஸ்கேனரைப் பிரித்துச் சரி செய்யக் கொடுக்கிற கூலி வீண், புதிது வாங்குவதே லாபம்.

## மற்ற எல்லாம் படிக்கிறது, ஒரே ஒரு பாக்கெட் மட்டும் படிக்கவில்லை

இதுதான் எனக்கு அதிகம் வருகிற கேஸ். இதற்கு மட்டும் அந்தக் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, ஏனென்றால் குறை பாக்கெட்டில் இருக்கிறது.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இடது ஓரத்தில், நடுவில், வலது ஓரத்தில் என்று மூன்று இடங்களில் இரண்டிரண்டு மெல்லிய கோடுகள் மற்றவற்றைவிட நீளமாகக் கீழே இறங்கியிருக்கும். அவை வேலிக்கால்கள், அதில் எண் எதுவும் இல்லை. இங்கே தொடங்குகிறது, இது நடு, இங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்குச் சொல்பவை. இடது வேலிக்கும் நடு வேலிக்கும் இடையில் ஆறு இலக்கம், நடுவுக்கும் வலதுக்கும் இடையில் ஆறு இலக்கம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு கருப்புக் கோடு, இரண்டு வெள்ளை இடைவெளி. இந்த நாலும் சேர்ந்து எப்போதும் ஏழு பங்கு அகலம்தான், அதற்குள் எது எத்தனை பங்கு என்பதை வைத்துத்தான் அது 3 ஆ 7 ஆ என்று தெரிகிறது. ஆக வெள்ளையும் எழுத்துதான், கருப்பு மட்டும் இல்லை.

கீழே அச்சாகியிருப்பது பதின்மூன்று இலக்கம், கோட்டில் பன்னிரண்டுதானே ஆச்சு, பதின்மூன்றாவது எங்கே என்று கேட்பீர்கள். கோடுகளுக்கு இடது பக்கம் வெளியே தள்ளி நிற்கிற முதல் இலக்கத்துக்கு, நம் ஊர்ப் பொருளில் பெரும்பாலும் 8, தனியாகக் கோடே கிடையாது. இடது பக்கத்து ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வரையலாம், எதை எந்த விதத்தில் வரைந்திருக்கிறார்கள் என்கிற வரிசையிலேயே அந்த 8 ஒளிந்திருக்கிறது. வலது பக்கத்துக்கு வேறொரு வடிவம், அதனால்தான் பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினாலும் படிக்கிறது. (முதலில் 890 இருந்தால் இந்தியாவில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். அந்த எண் பார்கோடு எண் வழங்குகிற அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடம் வாங்கியது என்றுதான் அர்த்தம், பொருள் எங்கே தயாரானது என்று அது சொல்லாது.)

சரி, இப்போது காரணங்கள், சுலபமானதிலிருந்து.

கசங்கல், பளபளப்பு. அகலங்களின் விகிதத்தைத்தான் ஸ்கேனர் அளக்கிறது, அதனால் கவர் சுருங்கினால் கணக்கு கெடும். இரண்டு விரலால் இழுத்துத் தட்டையாக்குங்கள். பளபளக்கிற கவரில் வெளிச்சம் நேரே திரும்பி அடித்துக் கண்ணைக் குருடாக்கும், ஸ்கேனரைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கோட்டின் உயரம் முழுவதும் ஒரே செய்திதான் என்பதால் மேல்பாதி கிழிந்திருந்தாலும் கீழ்ப்பாதியில் ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சக் கோட்டை வைத்தால் போதும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஒரு சுத்தமான பாதை கிடைத்தால் படித்துவிடும். மேலிருந்து கீழாக ஒரு கோடு முழுதாகச் சுரண்டப்பட்டிருந்தால் மட்டும் வழியில்லை.

குட்டி பாட்டில், குழாய். கோடுகள் பாட்டிலைச் சுற்றி வரிசையாக நின்றால் ஓரத்துக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். மெல்லிய பாட்டிலில் பார்கோடை ஏணிப்படி மாதிரி படுக்க வைத்து அச்சிடுவது இதனால்தான். அப்படி இல்லாத பாட்டில் வந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, எண்ணைக் கையால் அடியுங்கள்.

ஓரத்து வெள்ளை காணாமல் போனது. இடது வேலிக்கு இடப்பக்கமும் வலது வேலிக்கு வலப்பக்கமும் ஒன்றும் அச்சிடாத இடம் வேண்டும். மெல்லிய கோட்டின் அகலத்தைப்போல இடப்பக்கம் பதினோரு மடங்கு, வலப்பக்கம் ஏழு மடங்கு. சாதாரண அளவில் இது இடப்பக்கம் ஏறக்குறைய 3.6 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.3. கவரின் ஒட்டுத்தையல் அங்கே ஏறிவிட்டாலோ, கடைப் பையன் விலை ஸ்டிக்கரை அங்கே ஒட்டிவிட்டாலோ கோடு எங்கே தொடங்குகிறது என்றே ஸ்கேனருக்குத் தெரியாது. ஸ்டிக்கரை உரித்தால் தீர்ந்தது.

நிறம். இதற்கு ஒரு கேஸையே சொல்கிறேன். தர்மபுரி பக்கம் புளி பாக்கெட் போடுகிறவர் ஒருவர், அழகான கவர், வெள்ளைப் பின்னணியில் பார்கோடும் கவரின் மற்ற எழுத்துகள் மாதிரியே செம்பழுப்பில். கடைகளில் படிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவருக்கோ ஒரே கோபம், "என் போன்ல படிக்குதுங்களே!" ஆமாம், போனில் படித்தது, அதுதான் துப்பே. கடையில் இருக்கிற சாதாரண ஸ்கேனர்கள் சிவப்பு வெளிச்சத்தை அடித்து, எங்கே திரும்பி வருகிறது எங்கே வரவில்லை என்று பார்க்கின்றன. வெள்ளை திருப்பி அனுப்பும், கருப்பு விழுங்கிவிடும். சிவப்பு மையும் சிவப்பு வெளிச்சத்தை வெள்ளை மாதிரியே திருப்பி அனுப்பிவிடும், ஆக அதற்கு அந்த இடம் வெறும் வெள்ளைத்தாள். போன் கேமரா சாதாரண வெளிச்சத்தில் எல்லா நிறத்தையும் பார்ப்பதால் அதற்குக் கோடு தெரிகிறது.

நீங்களே சோதிக்க வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடி பேப்பர் ஒரு துண்டு வாங்கி, அதன் வழியாகப் பார்கோடைப் பாருங்கள். கோடுகள் மங்கினால் ஸ்கேனருக்கும் மங்கும். அந்தப் புளிக் கவரில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. கருப்பு, கருநீலம், கரும்பச்சை ஆகியவை கோட்டுக்கு ஆகும். பின்னணிக்கு வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, ஏன் சிவப்பே கூட ஆகும். சிவப்பு, ஆரஞ்சு, செம்பழுப்புக் கோடுகள் ஆகாது. உள்ளிருக்கிற பொருள் தெரிகிற மாதிரி கவர் போடுகிறவர்கள் பார்கோடுக்கு அடியில் வெள்ளை மை அடிக்காமல் விடுவதும் இதே வியாதிதான், வெள்ளையாக இருக்க வேண்டிய இடைவெளியில் புளியின் நிறம் தெரிகிறது.

அவர் செய்தது இரண்டு கட்டமாக. கையிருப்பு பிலிம் ரோல் தீரும்வரை, அதே எண்ணை வெள்ளை ஸ்டிக்கரில் கருப்பாக அச்சிட்டுப் பழைய பார்கோடு முழுதாக மறையும்படி ஒட்டினார், அதுவும் அடிமடிப்பில் இல்லாமல் முதுகுப்பக்கத்தில் தட்டையான இடத்தில். சாதாரண அளவு ஓர வெள்ளையும் சேர்த்து 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 உயரம். இடமில்லை என்றால் எண்பது சதவீதம் வரை சுருக்கலாம், அதாவது ஏறக்குறைய 30க்கு 21. அதற்குக் கீழே போகக்கூடாது, உயரத்தை மட்டும் வெட்டிச் சிறிதாக்குவதும் நல்லதல்ல, பாக்கெட்டைச் சற்றுச் சாய்த்துக் காட்டினாலே கோடு தப்பிவிடும். அடுத்த ரோலுக்கு, கவரில் செம்பழுப்பு மை அச்சிடுகிற சிலிண்டரிலிருந்து பார்கோடை எடுத்துக் கருப்பு மை சிலிண்டருக்கு மாற்றினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் என்பதால் இரண்டையுமே திரும்ப வெட்ட வேண்டி வந்தது, செலவு அங்கேதான். நீங்கள் புதிதாகச் சாமையோ ராகி மாவோ கவர் போடப் போகிறீர்கள் என்றால் சிலிண்டர் வெட்டுவதற்கு முன்னால், டிசைனைக் கலர் பிரிண்ட் எடுத்து நாலு கடை ஸ்கேனரில் காட்டிப் பாருங்கள். ரோல் வந்த பிறகு சாப்ட்வேர்க்காரரைக் கூப்பிட்டுப் புண்ணியமில்லை, கூப்பிட வேண்டியது கவர் அச்சிடுகிறவரைத்தான்.

## கையால் அடித்தாலும் எண்ணை ஏற்கவில்லை

படிக்காத பாக்கெட்டின் எண்ணைக் கையால் அடிக்கும்போது "தவறான எண்" என்று வந்தால் டைப்பிங்தான் பிழை. கடைசி இலக்கம் காவலுக்கு நிற்கிறது. 8901234567890 என்கிற மாதிரி எண்ணைப் பாருங்கள். கடைசி 0 தவிர, இடமிருந்து ஒற்றை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8, கூட்டினால் 28. இரட்டை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9, கூட்டினால் 34, மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் சேர்த்தால் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எத்தனை வேண்டும்? ஏற்கெனவே பத்தின் மடங்குதான், அதனால் கடைசி இலக்கம் 0. அவசரத்தில் 8, 9 ஐ மாற்றி 9, 8 என்று அடித்தால் கூட்டு 128 ஆகும், கடைசியில் 2 வர வேண்டும், ஆனால் 0 இருக்கிறது, மாட்டிக்கொள்ளும்.

ஒரு ஓட்டை உண்டு. 1 உம் 6 உம் போல, வித்தியாசம் ஐந்தாக இருக்கிற இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் இந்தக் கணக்கு கண்டுபிடிக்காது. மற்றபடி ஸ்கேனரும் இதே கணக்கைப் போட்டுச் சரியாக வந்த பிறகே பீப் அடிக்கிறது. அதனால் "ஸ்கேனர் தப்பா படிச்சிருச்சு" என்பது பொதுவாக நடப்பதில்லை, தப்பான பொருள் வந்தால் முதலில் சாப்ட்வேரில் பதிந்து வைத்திருப்பதைச் சந்தேகப்படுங்கள்.

## பீப் அடிக்கிறது, "பொருள் இல்லை" என்கிறது

நோட்பேடில் எண் சரி, கர்சர் அடுத்த வரிக்குப் போகவில்லை. எண்ணுக்குப் பின்னால் என்டர் அனுப்புகிற செட்டிங் அணைந்திருக்கிறது. புத்தகத்தில் அதற்கான பார்கோடைப் படிக்க வையுங்கள்.

இறக்குமதிச் சாக்லேட், ஷாம்பு மாதிரி சிலது மட்டும் இப்படி. கீழே அச்சாகியிருக்கும் எண்ணை எண்ணுங்கள். பன்னிரண்டு இலக்கம் என்றால் அது அமெரிக்க வகை, முன்னால் ஒரு 0 சேர்த்தால் நம் பதின்மூன்று இலக்கம். சில ஸ்கேனர் 0 சேர்த்து அனுப்பும், சிலது சேர்க்காது. பழைய ஸ்கேனரில் பதிந்த பொருள் புது ஸ்கேனர் வந்ததும் காணாமல் போவது இப்படித்தான். ஸ்கேனரில் செட்டிங் மாற்றலாம், அல்லது சாப்ட்வேரில் இரண்டு எண்ணையும் ஒரே பொருளுக்குப் பதியலாம்.

எக்செல்லில் பொருள் பட்டியல் ஏற்றியதற்குப் பிறகு எல்லாமே இப்படி. கடையே நின்றுவிடும் பிரச்சினை இது. பதின்மூன்று இலக்கத்தை எக்செல் பெரிய எண் என்று நினைத்துக்கொண்டு இப்படிக் காட்டும்:

```
8901234567890   ->   8.90123E+12   ->   8901230000000
```

அந்த நடுவடிவத்தில் இருக்கும்போது சிஎஸ்வி ஆகச் சேமித்தால் காட்டியது மட்டுமே கோப்பில் போகும், பின்பாதி அழிந்துவிடும். முதல் ஆறு இலக்கம் ஒன்றாக இருக்கிற பொருள்கள் எல்லாம் ஒரே எண்ணாக மாறி நிற்கும். சாப்ட்வேரில் தேடிப் பாருங்கள், எண்ணின் கடைசியில் வரிசையாகச் சைபர்கள் இருந்தால் இதுதான். அழிந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, பழைய பேக்கப் வேண்டும். அடுத்த முறை ஏற்றும்போது அந்தப் பத்தியை முதலிலேயே Text என்று வைத்துவிட்டு எண்களை ஒட்டுங்கள். பேக்கப்பும் இல்லை என்றால் சாப்ட்வேர்க்காரரைக் கூப்பிடுங்கள், அதற்குள் நீங்களாக எதையும் அழிக்க வேண்டாம்.

## பீப் அடிக்கிறது, தப்பான விலை வருகிறது

கோடுகளுக்குள் விலை இல்லை, எடை இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. எண் மட்டும். விலை உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது. கம்பெனி எம்.ஆர்.பி.யை ஏற்றிவிட்டு அதே பார்கோடோடு அனுப்பினால், பழைய சரக்கும் புதுச் சரக்கும் அலமாரியில் கலந்து நிற்கும்போது கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. சாப்ட்வேரில் ஒரே எண்ணுக்குப் பல எம்.ஆர்.பி. வைத்து, ஸ்கேன் செய்ததும் எது என்று கேட்கிற வசதி இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கல்லாவில் இருக்கிறவர் பாக்கெட்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

சோப்பு நாலு சேர்த்துக் கட்டிய ஆபர் பாக்கெட்டில் ஒரு சோப்பு விலை விழுந்தால், வெளிக்கவர் வழியாக உள்ளே இருக்கிற தனிச் சோப்பின் பார்கோடு தெரிகிறது என்று பொருள். கருப்பு மார்க்கரால் வெளிக்கவர் மேல் பூசி அதை முழுதாக மறையுங்கள்.

எடை போட்டு விற்கிற பொருளுக்கு மட்டும் கதை வேறு. தராசு அச்சிடுகிற லேபிளில் எண் 2 இல் தொடங்கும், அது கடைக்குள் மட்டும் செல்லுபடியாகிற எண். 2100045007502 என்று ஒரு லேபிள் வந்தால் 21 அடையாளம், 00045 உங்கள் கடையில் நிலக்கடலை, 00750 எடை, கடைசி 2 காவல் இலக்கம். 750 கிராம் நிலக்கடலைக்கு ₹7.50 என்று பில் விழுந்தால் பதற வேண்டாம், தராசு எடையை எழுதுகிறது, சாப்ட்வேர் அதைப் பைசாவில் விலை என்று வாசிக்கிறது. இரண்டில் ஒன்றின் செட்டிங்கை மாற்ற வேண்டும். தராசுக்காரரும் சாப்ட்வேர்க்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள், இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கடைக்கு வரச் சொல்லுங்கள்.

## நீங்களே அச்சிட்ட லேபிள் படிக்கவில்லை

லேபிள் ஓடுகிற திசையில், எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் தலைமுடி போல ஒரு வெள்ளைக் கீற்று விழுகிறதா? பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி சூடாகவில்லை. பிரிண்டரை அணைத்து ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடையுங்கள், பல நேரம் அழுக்குதான். துடைத்தும் கீற்று போகவில்லை என்றால் புள்ளி செத்துவிட்டது, தலை மாற்றுவது செலவு. அதுவரை சமாளிக்க பார்கோடைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அச்சிடுங்கள். அப்போது கீற்று ஒரு கோட்டை நீளவாக்கில் விழுங்காமல் எல்லாக் கோட்டையும் ஒரே இடத்தில் குறுக்காக வெட்டும், ஸ்கேனர் அதற்குப் பக்கத்தில் படித்துக்கொள்ளும்.

அடித்த அன்று படித்து ஒரு மாதத்தில் மங்கினால் அது ரிப்பன் இல்லாத தெர்மல் லேபிள். சூடு, வெளிச்சம், எண்ணெய் மூன்றும் அதற்கு ஆகாது. சீக்கிரம் விற்றுப்போகிற பொருளுக்கு அது போதும், அலமாரியில் மாதக்கணக்கில் இருப்பதற்கு ரிப்பன் போட்டு அச்சிடுங்கள்.

எண்ணோடு ஆங்கில எழுத்தும் சேர்த்து நீங்களே லேபிள் போட்டிருந்து, நோட்பேடில் எண்கள் சரியாகவும் எழுத்துகள் மட்டும் தமிழாகவும் விழுந்தால் சிரித்துவிட்டு டாஸ்க்பாரில் மொழியைப் பாருங்கள். யாரோ தமிழ் கீபோர்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஸ்கேனரும் ஒரு கீபோர்டு என்பதால் அதுவும் தமிழில் டைப் செய்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும், இதற்காக யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.